நான் அசடு வழிந்த கதை
(டூட்டிங்கில் தமிழ் வாசகர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம்மவர்கள் கூடுகிற இடத்தில் பகிடிக்குப் பஞ்சமில்லை. இந்த அப்பர் டூட்டிங் வீதியில் எந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் தோசை வருவதற்குள் பக்கத்து மேசையிலிருந்து ஒரு கதையாவது காதில் விழும். கவனித்துப் பாருங்கள், அது பெரும்பாலும் இன்னொருவரைப் பற்றியதாக இருக்கும். மச்சான் மாட்டிக்கொண்டது, பக்கத்து வீட்டுக்காரர் மாப்பிள்ளை வீட்டில் உளறியது, இப்படி. தான் அசடு வழிந்ததைத் தானே சொல்கிறவர்கள் குறைவு. சொன்னாலும் பலருக்கு அது பாதி வழியில் நொண்டிவிடுகிறது. சிரிக்க வேண்டிய இடத்தில் கேட்பவர் "ஐயோ பாவம்" என்கிறார். இல்லையென்றால், கதை முடிந்த பிறகும் முகத்தைப் பார்த்துக்கொண்டு "பிறகு?" என்கிறார். இரண்டுமே கதை தோற்றதற்கான அடையாளங்கள். ஏன் தோற்கிறது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இதற்கு நான் எடுத்துக்கொண்ட ஆள், நகைச்சுவை என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வரக்கூடியவர் அல்லர். மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. அவருடைய சுயசரிதையை 'சத்திய சோதனை' என்ற பெயரில் ரா. வேங்கடராஜுலுவின் தமிழில் நம்மில் பலர் படித்திருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் பரிசாகக் கிடைத்து, பயபக்தியோடு அலமாரியில் வைத்தவர்களும் உண்டு. அதில் லண்டன் அத்தியாயங்களை மட்டும் பயபக்தியை ஒதுக்கிவிட்டுப் படித்தால், தன்னைத்தானே கேலி செய்யத் தெரிந்த ஒரு தேர்ந்த கதைசொல்லி அங்கே இருப்பது தெரியும். நடந்த இடங்களும் தொலைவில் இல்லை. டூட்டிங் பிராட்வேயில் நார்தர்ன் லைன் ஏறி, வழியில் வண்டி மாறி ஹோபர்னில் இறங்கினால், நான் சொல்லப்போகும் முக்கியமான கதை நடந்த வட்டாரம் வந்துவிடும்.

முதலில் சிறிய கதை. 1888 செப்டம்பர் கடைசி. காந்திக்குப் பத்தொன்பது வயது நிறையச் சில நாட்கள் இருந்தன. கப்பலில் வரும்போது முழுக்கக் கறுப்பு உடுப்புதான் போட்டிருந்தார். நண்பர்கள் வாங்கிக் கொடுத்த வெள்ளை ஃபிளானல் உடுப்பு ஒன்று இருந்தது. அதை எடுத்து வைத்திருந்தார், கரை இறங்கும்போது போட. இங்கிலாந்தில் கால் வைக்கும்போது வெள்ளை உடுப்பில் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்பது அவருடைய கணக்கு. இறங்கினார். செப்டம்பர் முடிகிற குளிரில் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையில் நின்ற ஆள் அவர் ஒருவர்தான்.

சாதாரணக் கதைசொல்லி இங்கே முடித்துவிடுவார். காந்தி முடிக்கவில்லை. மாற்றிக்கொள்ளலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள் அல்லவா? பெட்டிகளும் அவற்றின் சாவிகளும் கிரிண்ட்லே நிறுவனத்தின் ஆளிடம் போய்விட்டன. மற்றவர்கள் அப்படிக் கொடுத்தார்கள், இவரும் கொடுத்தார். சரி, நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம். அன்று சனிக்கிழமை. நாளை ஞாயிறு, பெட்டி கிடைக்காது. ஆக, விக்டோரியா ஹோட்டலில் அதே வெள்ளை உடுப்போடு காத்திருக்கிறார். இரவு எட்டு மணி அளவில் டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா பார்க்க வருகிறார். உடுப்பைப் பார்த்துச் சிரிக்கிறார். பேசிக்கொண்டே இருக்கையில் காந்தியின் கண் டாக்டருடைய பட்டுத் தொப்பிமேல் விழுகிறது. எவ்வளவு வழுவழுப்பு என்று பார்க்கக் கையை மேலே ஓட்டுகிறார், மயிர் படிந்திருக்கும் திசைக்கு எதிர்த்திசையில். தொப்பியின் மயிர் சிலிர்த்துக்கொண்டு நின்றுவிட்டது. டாக்டர் கொஞ்சம் கோபத்தோடு தடுத்தார். ஆனால் அதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

கதை அவ்வளவுதான். ஒரு தொப்பி கலைந்தது. யாருக்கும் காயமில்லை, வேலை போகவில்லை, மானம் கப்பலேறவில்லை. விளைவு இவ்வளவு சிறியதாக இருப்பதால்தான் நாம் நிம்மதியாகச் சிரிக்கிறோம். அதற்கு முன்னால் வந்த வெள்ளை உடுப்பு, சாவி, சனிக்கிழமை எல்லாம் எதற்கு? அவை ஒவ்வொன்றும் அந்த இளைஞன் தப்பிக்கக்கூடிய ஒரு கதவைச் சாத்துகின்றன. மெதுவாகச் சொல்வது என்றால் நேரத்தை இழுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது இல்லை. கேட்பவர் மனதில் எழும் "இப்படிச் செய்திருக்கலாமே" என்ற ஒவ்வொரு யோசனைக்கும் பதில் சொல்லிக்கொண்டே போவதுதான் அந்த நிதானம். அந்த வேலையைச் செய்யாத தகவல் எதுவும் கதையில் இருக்கக் கூடாது. கப்பலின் பெயர் எஸ்.எஸ். கிளைட். அதைத் தொப்பிக் கதைக்குள் கொண்டுவந்தால் யாருக்கு என்ன பயன்? நம்மவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். "அது செவ்வாயா புதனா, பொறுங்கோ, பெரியவள் அப்ப பள்ளிக்கூடம் தொடங்கேல்லை…" என்று ஆரம்பித்து, மனைவி "புதன்தான்" என்று திருத்தி, அதற்கு ஒரு வழக்கு நடந்து, கடைசியில் கதை எங்கேயோ போய்விடும்.

இன்னொன்று சொல்லவேண்டும். இதே வருகையைப் பற்றிக் காந்தி அந்த வருடமே, 1888 நவம்பரில், ஒரு நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். அதில் சுமார் இருபது பக்கம்தான் நமக்குக் கிடைக்கிறது. அதில் மின்தூக்கிக் கதை ஒன்று இருக்கிறது. ஹோட்டலில் கதவைத் திறந்து ஒரு சிறிய அறைக்குள் விட்டார்கள். கொஞ்ச நேரம் உட்காரவேண்டிய அறை போலிருக்கிறது என்று இவர் நினைத்தார். பார்த்தால் இரண்டாம் மாடியில் நிற்கிறார்கள். நல்ல கதைதான். ஆனால் முப்பத்தேழு வருடம் கழித்துச் சுயசரிதை எழுதும்போது அதை விட்டுவிட்டார். அதே நாட்குறிப்பில் கூட வந்தவர் ஒருவரின் உடுப்பைப் பற்றியும் ஒரு குத்தல் இருக்கிறது. அதுவும் புத்தகத்தில் இல்லை. புத்தகத்தில் மிஞ்சிய உடுப்பு அவருடையது மட்டும். மின்தூக்கியையும் சேர்த்திருந்தால் ஒரே இரவில் இரண்டு உச்சம் ஆகியிருக்கும், ஒன்றை ஒன்று தின்றிருக்கும். விட்டது சரி என்பது என் கட்சி.

இப்போது ஹோபர்னுக்கு வருவோம். இதுதான் பெரிய கதை.

இங்கே காந்தி மூன்று படி கட்டுகிறார். முதல் படி, லண்டன் சைவ உணவுச் சங்கத்தின் செயற்குழு. இவர் அதில் உறுப்பினர். எல்லாக் கூட்டத்துக்கும் போகிறார், ஒரு வார்த்தை பேசுவதில்லை. சங்கத்து நண்பர் ஜோசையா ஓல்ட்ஃபீல்ட் கேட்கிறார்: என்னிடம் நன்றாகப் பேசுகிறாயே, குழுவில் மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை, நீ ஓர் ஆண் தேனீ என்று. மற்ற தேனீக்கள் உழைக்க, ஆண் தேனீ சும்மா உட்கார்ந்து தின்னும் அல்லவா? கேலியைக் காந்தி ரசிக்கிறார். ஆனாலும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு முக்கியமான விவாதம் வந்தபோது கருத்தை எழுதிக்கொண்டு போனார். அதைக்கூட வாசிக்கத் துணிவு வராமல் வேறொருவர் வாசித்தார்.

இரண்டாம் படி, வென்ட்னர் என்ற கடற்கரை ஊர். சைவ உணவைப் பற்றிய ஒரு கூட்டம். எழுதி வாசிப்பதில் அங்கே தவறில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். ஒரு தாளுக்கு மேல் போகாத பேச்சு. எழுந்து நின்றார். கண் மங்கியது, உடம்பு நடுங்கியது. கூட வந்திருந்த மஜ்முதார் வாங்கி வாசித்தார். மஜ்முதாரின் சொந்தப் பேச்சுக்கு நல்ல கைதட்டல் கிடைத்ததாம்.

மூன்றாம் படி, 1891 ஜூன். நாட்டுக்குத் திரும்பப்போகிறார். சைவ நண்பர்களுக்கு ஒரு பிரிவு விருந்து. சைவ உணவகத்தில் சைவச் சாப்பாடு போடுவதில் என்ன இருக்கிறது, மாமிச உணவகத்தில் போட்டால் என்ன என்று ஹோபர்ன் உணவகத்தின் மேலாளரிடம் பேசி முழுச் சைவ விருந்துக்கு ஏற்பாடு செய்கிறார். புதுமையான ஏற்பாடு, நண்பர்களுக்கு மகிழ்ச்சி, சங்கீதம் உண்டு, பேச்சுகளும் உண்டு. விருந்து கொடுப்பவர் இவர், ஆகையால் இவரும் பேசவேண்டும். இந்தத் தடவை காகிதம் இல்லை. சில வாக்கியங்கள்தான், மிகுந்த கவனத்தோடு யோசித்து வைத்திருக்கிறார். அதுவும் நகைச்சுவையாக.

என்ன நகைச்சுவை? அடிசன் என்ற ஆங்கில எழுத்தாளர் பாராளுமன்றத்தில் முதல் தடவை பேச எழுந்தபோது, "எண்ணுகிறேன்" என்று பொருள்படும் சொல்லை மூன்று முறை சொல்லிவிட்டு மேலே போக முடியாமல் நின்றாராம். அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் "கருத்தரிக்கிறேன்" என்றும் பொருள் உண்டு. ஒரு குறும்புக்கார உறுப்பினர் எழுந்து, கனவான் மூன்று முறை கருத்தரித்தும் ஒன்றும் பிறக்கவில்லை என்றாராம். இதை வைத்துப் பேச்சைத் தொடங்கலாம் என்பது திட்டம். தொடங்கினார். அங்கேயே நின்றுபோனார். மற்றது எல்லாம் மறந்துவிட்டது. வந்தவர்களுக்கு நன்றி என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

இந்தக் கட்டுமானத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு படியிலும் வேலை சுருங்கிக்கொண்டே போகிறது. முதலில் ஒரு விவாதம், பிறகு ஒரு தாள், கடைசியில் சில வாக்கியங்கள். சாதாரணமாக நாம் கதையைப் பெருக்குவோம், முதலில் சின்ன அவமானம், பிறகு பெரியது, பிறகு பூகம்பம் என்று. காந்தி தலைகீழாகச் செய்கிறார். வேலை சிறுக்கச் சிறுக்கத் தோல்வி வேடிக்கையாகிறது. கடைசிப் படியில் அவர் கட்டிவைக்கும் தன்னம்பிக்கையையும் பாருங்கள். மாமிச உணவகத்தையே சைவமாக்கிய ஆள், பகிடி சொல்லப்போகிற ஆள். கேட்பவருக்கு ஆபத்து தெரிகிறது, கதைக்குள் இருக்கும் இளைஞனுக்குத் தெரியவில்லை. சொல்கிறவர் தன்னுடைய இன்றைய புத்தியை அன்றைய தன்னிடம் கடன் கொடுக்கவே கூடாது. "அப்பவே எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது" என்று ஒரு வரி சேர்த்தால் போதும், எல்லாம் போய்விடும்.

கடைசி அடியைப் பாருங்கள். பேச முடியாமல் நின்றவனைப் பற்றிய பகிடியைச் சொல்லப்போனவர் பேச முடியாமல் நின்றார். இந்தப் பொருத்தத்தைக் காந்தி எங்கேயும் எடுத்துச் சொல்லவில்லை. "நானே அடிசன் ஆகிவிட்டேன்" என்று எழுதவில்லை. கேலிக்கு ஆளானேன், நன்றி சொன்னேன், உட்கார்ந்தேன், அவ்வளவுதான். வாசகர் தானே கண்டுபிடித்துக்கொள்ள விட்டுவிட்டார். விருந்தில் அவர் தோற்றதற்கும் இதே இடத்தில் ஒரு காரணம் தெரிகிறது. அங்கே உச்சத்தைப் பேச்சின் தொடக்கத்தில் வைத்தார். அதைச் சொன்ன பிறகு ஏறுவதற்குப் படி இல்லை. புத்தகத்தில் அதே விஷயத்தைக் கடைசியில் வைத்தார்.

இங்கே ஒரு சுவையான சிக்கல் இருக்கிறது. அந்த விருந்தைப் பற்றி, 1891 ஜூன் 13 தேதியிட்ட 'தி வெஜிடேரியன்' வார இதழில் ஒரு குறிப்பு வந்தது. அதில் காந்தி கொஞ்சம் பதற்றத்தோடு என்றாலும் மிக நயமாகப் பேசினார் என்றும், எல்லோரையும் வரவேற்றார் என்றும், இங்கிலாந்தில் புலால் மறுப்பவர் பெருகுவதில் மகிழ்ச்சி என்றார் என்றும், சங்கத்தோடு தமக்குத் தொடர்பு வந்த விதத்தைச் சொன்னார் என்றும், ஓல்ட்ஃபீல்டுக்குத் தாம் பட்ட கடனை உருக்கமாக எடுத்துரைத்தார் என்றும் இருக்கிறது. ஒரே வாக்கியத்தில் உட்கார்ந்துவிட்ட ஆள் இவ்வளவும் எப்போது சொன்னார்? இதழ்க்காரர்கள் நண்பர்கள், கொஞ்சம் மெருகு போட்டிருக்கலாம். காந்தி எழுதியது முப்பது வருடத்துக்கு மேல் கழித்து. தடுமாறிய கணம் மட்டும் நினைவில் முள்ளாக நின்று, ஒப்பேற்றிய மீதிப் பேச்சு உதிர்ந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. சுயசரிதைக்கு அது வழுவாக இருக்கலாம். கதைக்கு அது இயல்பு. நன்றாகப் போன பகுதியைச் சொல்லாமல் விடுவது இந்த வகைக் கதையில் அனுமதிக்கப்பட்டதுதான். நடக்காததைச் சேர்ப்பதுதான் கூடாது. கேட்பவர் அதை எப்படியோ மோந்து கண்டுபிடித்துவிடுகிறார்.

ஒரு குறையும் சொல்கிறேன். உட்கார்ந்த பிறகு காந்தி கூச்சத்தின் நன்மைகளைப் பற்றி நீளமாகப் பேசுகிறார். அது அவருடைய நூலின் நோக்கத்துக்குத் தேவை. நமக்கு வேண்டாம்.

பெரியவர் கதை நமக்கு எப்படிப் பொருந்தும் என்று சிலர் நெளிகிறீர்கள். இந்த ஊர்க் கதை ஒன்றை எடுப்போம். நண்பர் ஒருவர் முதலில் எனக்குச் சொன்ன விதம் இது: "போன சனிக்கிழமை ஒரு பெரிய பகிடி. மரக்கறிக் கடையில வேற ஒரு ஆச்சியின்ர வண்டிலுக்குள்ள என்ர சாமானைப் போட்டிட்டன்." முடிந்தது. "ஓ, அப்படியா" என்றேன். உச்சத்தை வாசலிலேயே கொடுத்துவிட்டார். போதாததற்குப் பெரிய பகிடி என்று விலைச்சீட்டும் ஒட்டிவிட்டார்.

விசாரித்து விசாரித்து மீதியை வாங்கினேன். அதே மனிதர் பிறகு ஒரு பிறந்தநாள் வீட்டில் சொன்னபோது இப்படிச் சொன்னார். தனக்கு மரக்கறி தெரிவதில் ஒரு கர்வம் உண்டு, மனைவி எடுப்பதில் பாதி முற்றல் என்று வீட்டில் தினமும் பாட்டு. அன்று மனைவி, "அப்ப நீங்களே எடுங்கோ" என்று வண்டிலை அவரிடம் தள்ளிவிட்டு அரிசிப் பக்கம் போய்விட்டார். கடையில் சனிக்கிழமைக் கூட்டம். வண்டிலை ஓரமாக விட்டுவிட்டு வெண்டிக்காய்ப் பெட்டியில் இறங்கினார். ஒவ்வொன்றாக நுனியை ஒடித்துப் பார்த்து, சட்டென்று ஒடிந்ததை வைத்துக்கொண்டு, வளைந்ததை ஒதுக்கினார். பக்கத்தில் நின்ற பிள்ளைக்கு ஒடிக்கும் முறையையும் விளக்கினார். கைகொள்ளும் மட்டும் சேர்த்து, திரும்பிப் பார்க்காமல் பின்னால் நின்ற வண்டிலில் போட்டார். மறுபடி இறங்கினார். மறுபடி போட்டார். அடுத்தது கத்தரிக்காய், அடுத்தது முருங்கைக்காய். நிமிர்ந்து பார்த்தால் மனைவி வெறும் வண்டிலோடு அந்தப் பக்கம் நின்று, "என்ன, இன்னும் ஒண்டும் எடுக்கேல்லையோ?" என்கிறார். அப்போதுதான் பின்னால் பார்க்கிறார். ஒரு ஆச்சி, தன் வண்டிலைப் பிடித்தபடி, பொறுமையாக நிற்கிறார். ஆச்சி சொன்னது: "தம்பி, எல்லாம் நல்ல பிஞ்சு. ஆனா எங்கட வீட்டில வெண்டிக்காய் ஒருத்தரும் சாப்பிடுறேல்லை."

நீங்கள் சிரித்தீர்கள். இங்கே அவர் நிறுத்தினார். மன்னிப்புக் கேட்டது, சாமானை மாற்றியது, வீட்டுக்குப் போனது எதையும் சொல்லவில்லை. கர்வத்தை முதலில் வைத்தார், ஏனென்றால் அடி விழவேண்டியது அதன்மேல். வெண்டிக்காய் ஒடிப்பதை விவரமாகச் சொன்னார், ஏனென்றால் நம் கண் பெட்டிமேல் இருக்கும்வரை பின்னால் யாருடைய வண்டில் என்று யோசிக்க மாட்டோம். ஆச்சியை முட்டாளாக்கவில்லை, மனைவியைக் குறை சொல்லவில்லை. டாக்டர் மேத்தா கோபித்தது நியாயம் என்று நமக்குத் தோன்றுகிறதே, அதேபோல இங்கே ஆச்சியின் பக்கம்தான் நியாயம். சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை. சொல்கிறவர் முந்திக்கொண்டு சிரித்தால் கேட்பவருக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

எல்லா அவமானத்தையும் இப்படிச் சொல்ல முடியாது. இன்னும் வலிக்கிறதைச் சொன்னால் கேட்பவர் உங்களைத் தேற்றத் தொடங்குவார். விசா அலுவலகத்தில் நின்ற கதை, வேலை போன கதை எல்லாம் வேறு இடத்துக்கு உரியவை. இதற்கு ஒரு தொப்பி கலைந்த அளவு சேதம் போதும். நேரமும் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் தாங்காது.

அடுத்த கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு கதை கொண்டுவாருங்கள். முழுவதையும் எழுதி மனப்பாடம் செய்யவேண்டாம், ஹோபர்னில் நடந்ததுதான் நடக்கும். கடைசி வாக்கியத்தை மட்டும் முடிவு செய்துகொண்டு வாருங்கள். அதைச் சொன்னதும் உட்கார்ந்துவிடுங்கள்.